சுவிட்சை அணைத்த பிறகும் ரேழி பல்பு கண் சிமிட்டுகிறது, என்ன செய்யலாம்?

ரேழிவாசி
திருவையாறு பக்கம் எங்கள் வீடு. பழைய ஓட்டு வீடு, தெருவாசலில் நின்றால் கொல்லைக் கதவு தெரியும் அளவுக்கு நீளம். ரேழி விளக்குக்குத் தெருப்பக்கம் ஒரு சுவிட்ச், கொல்லைப்பக்கம் ஒரு சுவிட்ச். எதைத் தட்டினாலும் எரியும், அணையும். போன மாதம் அதில் 9 வாட்ஸ் வைஃபை ஸ்மார்ட் பல்பு மாட்டினேன். சுவிட்சை அணைத்தால் அணைகிறது. ஆனால் மூன்று நான்கு நொடிக்கு ஒரு தரம் பளிச்சென்று மின்னுகிறது, விடிய விடிய. அப்பா ரேழியில்தான் படுப்பார். "காசு கொடுத்து மின்மினிப் பூச்சி வாங்கிட்டு வந்திருக்கான்" என்று போகிற வருகிறவரிடமெல்லாம் சொல்கிறார்.

சில நாள் காலையில் ஆப்பில் பல்பைக் காணவில்லை, புதிதாக இணைக்கச் சொல்லி வேகமாகச் சிமிட்டுகிறது. அதே பல்பைக் கூடத்தில் மாட்டினால் ஒரு தொந்தரவும் இல்லை. முன்பிருந்த சாதா எல்இடி அணைத்த பிறகும் லேசாக ஒளிர்ந்ததாக அம்மா சொல்கிறாள், நான் கவனித்ததில்லை.

மன்னை பம்புசெட்
வோல்டேஜ் பிரச்சினைதான் சார். எங்கள் ஊரில் சாயங்காலம் எல்லா மோட்டாரும் ஓடும்போது பல்பு இப்படித்தான் துடிக்கும். ஸ்டெபிலைசர் போட்டேன், நின்றது.

ரேழிவாசி
அண்ணே, உங்களுக்கு எரியும்போது துடிக்கிறது. எனக்கு அணைத்த பிறகு.

வடவாறு வயர்மேன்
சுவர் ஈரம். ஐப்பசி மழையில் பழைய வயர் லீக் ஆகும். நியூட்ரலில் சுவிட்ச் போட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள். ஆர்சிசிபி போட்டால் லீக் இருக்கும்போது தானே விழுந்துவிடும். ஹோல்டரில் ஒரு ஃபேன் கெபாசிட்டர் மாட்டினாலும் நிற்கும், நான் இரண்டு வீட்டில் செய்திருக்கிறேன்.

ஓய்ந்த டெஸ்டர்
வயர்மேன் தம்பி சொன்னதில் பாதி சரி. நியூட்ரலில் சுவிட்ச் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்கத்தான் வேண்டும். ஆர்சிசிபி இதற்கு விழாது. அது 30 மில்லிஆம்ப் எர்த்துக்குப் போனால் விழுவது. இங்கே போவது அதில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது, அதுவும் பல்பு வழியாக நியூட்ரலுக்கே திரும்பிவிடுகிறது.

ரேழிவாசி, இரண்டு கேள்வி. சுவிட்ச் அணைந்திருக்கும்போது அதில் சின்னச் சிவப்பு விளக்கு எரிகிறதா? பல்பைக் கழற்றிவிட்டு, சுவிட்சை அணைத்து, ஹோல்டரின் இரண்டு பின்னுக்கும் நடுவில் மல்டிமீட்டர் என்ன காட்டுகிறது, ஒவ்வொரு பின்னுக்கும் எர்த்துக்கும் நடுவில் என்ன காட்டுகிறது? நியான் டெஸ்டரை நம்ப வேண்டாம், இந்த மாதிரிப் பொய் வோல்டேஜுக்கும் அது எரிந்து தொலைக்கும். மின்சாரம் இருக்கும்போது அளக்கிற வேலை, பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனை வைத்தே பாருங்கள்.

ரேழிவாசி
சிவப்பு விளக்கு இல்லை. மச்சான் மீட்டர் கொண்டுவந்தான். இரண்டு பின்னுக்கும் நடுவில் 88 வோல்ட். எர்த்துக்கு அளந்தால் ஒரு பின்னில் ஏறக்குறைய பூஜ்யம், மற்றதில் அதே எண்பதுக்கு மேல்.

ஓய்ந்த டெஸ்டர்
அப்படியானால் சுவிட்ச் பேஸில்தான் இருக்கிறது. நியூட்ரலில் இருந்திருந்தால் அணைத்த பிறகும் ஒரு பின்னில் முழு 230 காட்டியிருக்கும். உங்கள் வீட்டின் நீளம்தான் குற்றவாளி.

இரண்டு சுவிட்சுக்கும் நடுவில் இரண்டு வயர் ஒரே பைப்பில் ஒட்டிக்கொண்டு போகும். விளக்கு அணைந்திருக்கும்போது ஒன்றில் பேஸ் நிற்கிறது, மற்றது பல்போடு சேர்ந்திருக்கிறது. நடுவில் இருப்பது பிவிசி உறை மட்டும். ஏசி மின்சாரத்துக்கு அது ஒரு நீளமான கெபாசிட்டர். மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் என்று வைத்தால் 20 மீட்டருக்கு 2000. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அதன் வழியே அதிகபட்சம் 0.14 மில்லிஆம்ப் நழுவும். குண்டு பல்புக்கு அது உறைக்காது. சில சாதா எல்இடி அதை அப்படியே ஏற்று மங்கலாக ஒளிரும், அம்மா பார்த்தது அதுதான்.

ஸ்மார்ட் பல்புக்குள் இருக்கிற கெபாசிட்டர் அந்தத் துளியைச் சேர்த்து வைக்கும். மூன்று நான்கு நொடியில் குடம் நிரம்பினதும் டிரைவர் கிளம்பும், பளிச்சென்று ஒரு மின்னல், குடம் காலி. மறுபடி நிரம்பும். பல மாடல்களில் சுவிட்சைச் சில தடவை தொடர்ந்து அணைத்துப் போட்டால் புதிதாக இணைக்கும் நிலைக்குப் போகும். உங்கள் பல்பு இந்தச் சிமிட்டலையே அப்படி எண்ணிக்கொள்கிறது என்று நினைக்கிறேன். அடித்துச் சொல்ல மாட்டேன், மாடலைப் பொறுத்தது.

சோதனை எளிது. இரட்டை ஹோல்டர் வாங்கி, ஸ்மார்ட் பல்போடு பக்கத்தில் பழைய குண்டு பல்பு ஒன்றை மாட்டுங்கள். சுவிட்சை அணைத்ததும் சிமிட்டல் அடியோடு நின்றால் நான் சொன்னதுதான்.

ரேழிவாசி
நின்றுவிட்டது சார்! கடையில் குண்டு பல்பு கிடைக்கவில்லை, சாமி ரூமிலிருந்து 15 வாட்ஸ் எடுத்தேன். அதையே நிரந்தரமாக விட்டுவிடவா?

ஓய்ந்த டெஸ்டர்
விளக்குப் போடும்போதெல்லாம் அதுவும் எரியும், வேண்டாம். ஹோல்டரின் இரண்டு டெர்மினலுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று போடுங்கள். மேலே X2 என்றும் 275 வோல்ட் ஏசி என்றும் அச்சடித்திருக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸில் அதன் தடை 32 கிலோ ஓம் சுமார். நழுவுகிற மின்சாரம் அந்த வழியில் போய்விடும், 88 வோல்ட் ஐந்துக்குள் இறங்கும், பல்பு கிளம்பாது.

ஃபேன் கெபாசிட்டர் வேலை செய்யாது என்று சொல்லவில்லை. 2.5 மைக்ரோஃபாரட் இந்த வேலைக்கு இருபத்தைந்து மடங்கு பெரிது, ஒவ்வொரு தரம் போடும்போதும் சுவிட்ச் முனை பொறி கக்கும். X2 கெட்டுப்போனாலும் தீப்பிடிக்காதபடி சோதித்து வருவது. அதற்காகத்தான் அதைக் கேட்டு வாங்கச் சொல்கிறேன்.

வடவாறு வயர்மேன்
பொறி பறப்பது உண்மைதான் சார். மாற்றிக்கொள்கிறேன்.

ரேழிவாசி
சார், கெபாசிட்டர் போட்ட பிறகு மோசமாகிவிட்டது. இப்போது அணைத்தாலும் நன்றாகவே எரிகிறது. உள்ளூர்ப் பையன்தான் மாட்டினான். மேலே ஏற ஏணி இல்லை என்று சுவிட்ச் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டான்.

ஓய்ந்த டெஸ்டர்
சுவிட்சுக்குக் குறுக்கே போட்டிருப்பான்! வடிகால் வெட்டச் சொன்னால் மடையைத் திறந்துவிட்டிருக்கிறான். அங்கே போட்டால் 7 மில்லிஆம்ப் நேராகப் பல்புக்குப் போகும், முன்பு நழுவியதைப் போல ஐம்பது மடங்கு. உடனே கழற்றச் சொல்லுங்கள். எம்சிபியை இறக்கிவிட்டு, சீலிங் ரோஸுக்குள், பல்புக்குப் போகும் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில். கால்களுக்கு ஸ்லீவ் போட்டு கனெக்டரில் முறுக்கட்டும்.

குடந்தை மாடி
எனக்கும் இதே தொல்லை. நியூட்ரல் இல்லாத டச் சுவிட்ச். பெட்டியில் வந்த சின்னக் கெபாசிட்டர் தொலைந்துவிட்டது. இதே 0.1 போடலாமா?

ஓய்ந்த டெஸ்டர்
அம்மா, உங்களுடையது வேறு. அந்தச் சுவிட்ச் தான் உயிரோடிருக்கவே பல்பு வழியாக மின்சாரம் இழுக்கிறது. சுவிட்சுக்குச் சுவிட்ச் அளவு மாறும். தயாரித்தவர் சொன்ன மதிப்பைத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

ரேழிவாசி
இடம் மாற்றிப் போட்டு ஒன்பது நாள் ஆகிறது. பின்னுக்கு நடுவில் 4 வோல்ட். ஆப்பிலிருந்தும் காணாமல் போகவில்லை. ஆனால் முந்தாநாள் அடைமழையில் இரவு இரண்டு தரம் மின்னியதாக அப்பா சொல்கிறார்.

ஓய்ந்த டெஸ்டர்
வயர்மேன் தம்பியின் ஈரம் இங்கே வந்து நிற்கிறது. மெயினை இறக்கி, பல்பையும் கெபாசிட்டரையும் கழற்றிவிட்டு, இரண்டு சுவிட்சுக்கு நடுவே ஓடும் வயர்களை 500 வோல்ட் மெகரில் பார்க்கச் சொல்லுங்கள். வயருக்கும் வயருக்கும், வயருக்கும் எர்த்துக்கும். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் கெபாசிட்டரால் மறைக்கக் கூடாது, வயரை மாற்றத்தான் வேண்டும்.

வடவாறு வயர்மேன்
மெகர் என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை திருவையாறு வருகிறேன். ஏணி மட்டும் ஏற்பாடு செய்யுங்கள்.