கூட்டுப் பரிசுப் போட்டிக்குப் பிறகு இரு கடைகளின் வாடிக்கையாளர்களும் குழம்பிவிட்டார்கள், எப்படிச் சரிசெய்வது?

காப்பிவீடு_கோவை எழுதியது, திங்கள் இரவு 10:42

வணக்கம். வீட்டிலேயே காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கிறேன். கும்பகோணத்தில் பித்தளைப் பில்டரும் டபரா செட்டும் விற்கும் ஒருவருடன் சேர்ந்து பரிசுப் போட்டி ஒன்றை நடத்தினோம். முதல் மூன்று நாட்கள் நன்றாகத்தான் போயிற்று. அதன்பிறகு என்னிடம் பில்டர் விலை கேட்கிறார்கள், அவரிடம் பொடி கேட்கிறார்கள். பழைய வாடிக்கையாளர் ஒருவர், "நீங்கள் பொடி விற்பதை நிறுத்திவிட்டுப் பாத்திரக் கடை ஆரம்பித்துவிட்டீர்களா?" என்று கேட்டார். புதிதாக வந்தவர்களில் பாதிக்கு மேல் போய்விட்டார்கள். அவர் இன்னொரு போட்டி நடத்தலாம் என்கிறார். நடத்தலாமா, வேண்டாமா? அவசரம், வியாழனுக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மளிகை_மணி, இரவு 11:05

எந்தத் தளத்தில் நடத்தினீர்கள், பதிவைப் போட்டது யார், பரிசு என்ன, அதை அனுப்பியது யார், தள்ளுபடிக் குறியீடு ஏதேனும் கொடுத்தீர்களா? இவற்றைச் சொல்லாமல் "குழம்பிவிட்டார்கள்" என்று மட்டும் சொன்னால் எங்களுக்கும் குழப்பம்தான்.

தறிநூல், இரவு 11:20

சகோதரி, என் அனுபவத்தில் பரிசு சிறியதாக இருந்ததுதான் காரணம். நான் கைத்தறிப் புடவை விற்கிறேன். நாங்கள் ஒரு கைப்பேசியைப் பரிசாக வைத்தபோது ஒரே வாரத்தில் ஒன்பதாயிரம் பேர் வந்தார்கள். பெரிய பரிசாக வையுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

மூத்தவணிகன், செவ்வாய் காலை 6:15

அந்த ஒன்பதாயிரம் பேரில் எத்தனை பேர் புடவை வாங்கினார்கள் என்பதையும் தம்பி எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கைப்பேசிக்காக வந்தவர் கைப்பேசி கிடைக்காதபோது போய்விடுவார். அடிப்படைகூடத் தெரியாமல் போட்டி நடத்த இறங்குபவர்களுக்கு இந்தக் குழுவில் எத்தனை முறை சொல்வது? கேள்வி கேட்டவர் முதலில் மணி கேட்ட விவரங்களைத் தரட்டும்.

காப்பிவீடு_கோவை, காலை 9:30

மன்னிக்கவும். இன்ஸ்டாகிராமில் நடத்தினோம். அவர் பதிவைப் போட்டு என்னைக் கூட்டாளியாக அழைத்தார், நான் ஏற்றுக்கொண்டதால் ஒரே பதிவு இருவர் பக்கத்திலும் வந்தது. எனக்கு 4,200 பேர், அவருக்கு 11,000 பேர் பின்தொடர்பவர்கள். மூன்று வெற்றியாளர்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு பித்தளைப் பில்டரும் அரைக் கிலோ பொடியும் பரிசு. இருவரையும் பின்தொடர்ந்து மூன்று நண்பர்களைக் கருத்தில் குறிப்பிட வேண்டும் என்பது விதி. பொடியை நான் அவருக்கு அனுப்பினேன், அவர் சேர்த்துக் கட்டி அனுப்பினார். `KAAPI10` என்ற ஒரே குறியீட்டை இரண்டு கடைகளிலும் கொடுத்தோம், 38 பேர் பயன்படுத்தினார்கள். புதிதாக வந்த 640 பேரில் 410 பேர் பத்து நாட்களில் போய்விட்டார்கள். வெற்றி பெற்ற ஓர் அம்மையார் டிகாக்ஷனில் பச்சையாக ஏதோ மிதக்கிறது, பொடியில் கலப்படம் என்று எல்லோரும் பார்க்க எழுதிவிட்டார். அதுதான் எனக்கு மிகவும் வேதனை.

செம்புக்கடை_அக்கா, காலை 10:10

பச்சையாக மிதந்தது பொடியில் இருந்து வந்திருக்காது, அம்மா. அந்தப் பில்டரின் உட்புறத்தில் வெள்ளீயம் பூசியிருந்ததா என்று அவரிடம் கேளுங்கள். பூச்சு இல்லாமலோ, தேய்ந்தோ இருந்தால், காப்பியின் புளிப்புத் தன்மை பித்தளையில் பட்டுக் களிம்பு ஏறும். இரவு டிகாக்ஷனை இறக்காமல் அப்படியே வைத்துவிட்டால் இன்னும் விரைவாக ஏறும். இருபது ஆண்டுகளாகப் பாத்திரம் விற்கிறேன், இந்தப் புகாரைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பொடி உங்களுடையது என்பதால் பழியும் உங்களுக்கு வந்துவிட்டது. அந்த டிகாக்ஷனைக் குடிக்க வேண்டாம் என்று அந்த அம்மையாரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். பிறகு, எந்தப் பொருளில் என்ன குறை என்று இருவரும் சேர்ந்து ஒரே பதிலாக எழுதுங்கள். ஒருவர் மற்றவரைக் காட்டிக்கொடுப்பதுபோல் தெரியக்கூடாது.

இன்னொன்றும் கேட்கிறேன். அந்தப் பில்டரில் உங்கள் பொடியைப் போட்டு நீங்கள் ஒரு முறையாவது இறக்கிப் பார்த்தீர்களா?

காப்பிவீடு_கோவை, காலை 10:48

இல்லை. என் வீட்டில் எவர்சில்வர் பில்டர்தான் இருக்கிறது. அவர் அனுப்புவதாகச் சொன்னார், போட்டி தொடங்கிவிட்டது.

சந்தைக்கணக்கு, பிற்பகல் 1:25

நான் சிறு கடைகளுக்காக இப்படிப்பட்ட கூட்டுப் போட்டிகளை நடத்திக் கொடுப்பவன். உங்கள் இடர்ப்பாடு மூன்று இடங்களில் இருப்பதாகத் தெரிகிறது.

முதலாவது, அக்கா சொன்னதுதான். பொடியும் பில்டரும் ஒன்றுக்கொன்று துணையான பொருட்கள் என்பதாலேயே அவை சேர்ந்து வேலை செய்யும் என்று சொல்லிவிட முடியாது. சிக்கரி அதிகமாக இருந்து, அரைப்பும் மிக நைசாக இருந்தால், சிறிய ஓட்டை உள்ள பில்டரில் பொடி ஊறி அடைத்துக்கொள்ளும், டிகாக்ஷன் இறங்காது; ஓட்டை பெரிதாக இருந்தால் தூள் கீழே இறங்கிவிடும். இரண்டிலும் வாடிக்கையாளர் திட்டுவது பொடியைத்தான். ஆகவே அடுத்த போட்டிக்கு முன் அவருடைய பில்டரை வாங்கி, உங்கள் பொடியை மூன்று நாட்கள் இறக்கிப் பாருங்கள். தேவைப்பட்டால் அந்தப் பில்டருக்கென்று தனி அரைப்பைப் பரிசில் வையுங்கள்.

இரண்டாவது, ஒரே பதிவு. கூட்டுப் பதிவில் இரண்டு பெயர்களும் மேலே இருக்கும், கருத்துகளும் இருவருக்கும் பொதுவாக இருக்கும். பார்ப்பவர் தன் பார்வையில் முதலில் படும் பெயரைத் தட்டிச் செய்தி அனுப்புவார். அது உங்களுடையதா அவருடையதா என்பது அவருக்கு முக்கியமில்லை. எனவே பதிவின் முதல் இரண்டு வரிகளிலேயே, "பொடி கோவையில் இருந்து, பில்டர் கும்பகோணத்தில் இருந்து, பொடி வாங்க இவர், பில்டர் வாங்க அவர்" என்று வெளிப்படையாக எழுதுங்கள். படத்திலும் இரண்டு பொருட்களின் மேல் தனித்தனிப் பெயர்ச்சீட்டு இருக்கட்டும். யாருடைய சொந்தப் பக்கத்தில் யார் பேசுகிறார் என்பதும் மாறக்கூடாது: உங்கள் வாடிக்கையாளருக்கு நீங்கள், "என் பொடியை இறக்க நான் தேர்ந்தெடுத்த பில்டர் இது" என்று உங்கள் குரலில் ஒரு தனிப் பதிவு போட வேண்டும். அவரும் அவ்வாறே செய்ய வேண்டும். பழைய வாடிக்கையாளர் "கடை மாறிவிட்டதா" என்று கேட்டது, உங்கள் பக்கத்தில் உங்கள் குரலே இல்லாமல் போனதால்தான்.

மூன்றாவது, ஒரே குறியீடு. அந்த 38 பேரில் யார் எங்கிருந்து வந்தார் என்பது இனி உங்களுக்குத் தெரியப்போவதில்லை. அடுத்த முறை அவருடைய மக்கள் உங்களிடம் வரும்போது `PITHALAI10`, உங்கள் மக்கள் அவரிடம் போகும்போது `PODI10` என்று பிரியுங்கள். அப்போதுதான் எது பயன் தந்தது என்று எண்ணிப் பார்க்க முடியும்.

விதியையும் மாற்றுங்கள். மூன்று நண்பர்களைக் குறிப்பிடச் சொன்னால், போட்டிகளை மட்டுமே பின்தொடர்பவர்கள்தான் அதிகமாக வருவார்கள். "உங்கள் வீட்டுப் பில்டரில் எத்தனை கரண்டி பொடி போடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். காப்பி போடுகிறவர்களே பதில் எழுதுவார்கள். எண்ணிக்கை குறையும், ஆனால் அப்படி எழுதுகிறவர் உங்கள் வாடிக்கையாளராகக் கூடியவர்.

சட்டநிலா, பிற்பகல் 2:05

இந்தப் போட்டியே சட்டவிரோதம் என்று யாரும் சொல்லவில்லையே! தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி தடை செய்யப்பட்டுள்ளது. குலுக்கல் எல்லாம் லாட்டரிதான்.

மூத்தவணிகன், பிற்பகல் 2:30

அது லாட்டரிச் சீட்டு விற்பனைக்கான தடை. பணம் வாங்காமல் பரிசு கொடுப்பதை அதில் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடாது. படித்துவிட்டு எழுதுங்கள்.

சந்தைக்கணக்கு, பிற்பகல் 3:10

இருவர் சொல்வதிலும் பாதி சரி. லாட்டரித் தடையை இதில் கொண்டுவரத் தேவையில்லை. ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் நியாயமற்ற வணிக நடைமுறை என்ற வரையறையில், விற்பனையை முன்னிட்டு நடத்தும் போட்டி, குலுக்கல் ஆகியவையும், போட்டியின் இறுதி முடிவைக் கலந்துகொண்டவர்களுக்குத் தெரிவிக்காமல் மறைப்பதும் வருகின்றன. ஆகவே "வாங்கினால்தான் கலந்துகொள்ளலாம்" என்ற விதியை வைக்காதீர்கள், வெற்றியாளரைப் பொதுவில் அறிவியுங்கள். அதற்கு மேல் இலவசப் போட்டிக்கு அந்த வரையறை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ஒரு வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும். இன்ஸ்டாகிராமின் விதிப்படி, "இப்போட்டிக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் தொடர்பில்லை" என்றும் பதிவில் எழுத வேண்டும், பெரும்பாலானோர் எழுதுவதில்லை.

சட்டநிலா, பிற்பகல் 3:22

அப்படியானால் நடத்தாமல் இருப்பதே பாதுகாப்பு. நான் சொன்னதில் தவறு என்ன?

மளிகை_மணி, மாலை 4:40

சட்ட விவாதத்தைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். காப்பிவீடு அவர்களே, ஒன்றைக் கேட்க மறந்துவிட்டோம். போட்டி முடிந்ததும் உங்கள் பெயரைப்போன்ற போலிக் கணக்கு ஏதேனும் வெற்றியாளரைத் தொடர்புகொண்டதா? எங்கள் ஊறுகாய்க் கடைக்கு அப்படி நடந்தது. எங்கள் பெயரின் முடிவில் ஓர் அடிக்கோடு மட்டும் கூடுதலாக இருந்தது.

காப்பிவீடு_கோவை, மாலை 6:05

ஆம். கூரியர் கட்டணம் என்று ₹99 கேட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் அனுப்பிவிட்டு என்னிடம் கோபித்துக்கொண்டார்கள். இது போட்டியின் ஒரு பகுதி என்று நான் நினைக்கவில்லை, அதனால் எழுதவில்லை.

சந்தைக்கணக்கு, இரவு 8:15

பரிசு என்ற சொல் கருத்துகளில் வந்தாலே போலிகள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். கூட்டுப் போட்டியில் இது இரட்டிப்பு ஆபத்து, ஏனெனில் அவருடைய மக்களுக்கு உங்கள் உண்மையான கணக்கு எது என்பதே பழக்கமில்லை. "வெற்றியாளரை இந்தப் பதிவின் கீழேதான் அறிவிப்போம், நாங்கள் இருவரும் ஒரு ரூபாய்கூடக் கேட்கமாட்டோம்" என்று பதிவின் முதல் கருத்தாக எழுதி மேலே நிலைநிறுத்துங்கள். அந்த இரண்டு பேருக்கும் பொடி அனுப்பிச் சமாதானம் செய்துவிடுவது நல்லது. இரண்டு பொட்டலங்களின் செலவுதான்.

இறுதியாக ஒரு யோசனை. மறு போட்டிக்கு முன் ஒரு மாதம் போட்டியே இல்லாமல் முயன்று பாருங்கள். உங்கள் ஒவ்வொரு பொட்டலத்திலும் உள்ளங்கை அளவு அட்டை ஒன்றை வையுங்கள்: "இந்தப் பொடி நன்றாக இறங்கும் பித்தளைப் பில்டர் வேண்டுமானால், கும்பகோணத்தில் இந்த எண்ணுக்கு எழுதுங்கள், `PODI10` சொல்லுங்கள்." அவரும் ஒவ்வொரு பில்டருக்குள்ளும் ஐம்பது கிராம் மாதிரிப் பொட்டலத்தையும் உங்கள் அட்டையையும் வைக்கட்டும். பில்டரை வாங்கியவருக்கு அன்றே பொடி தேவைப்படும். யார் எதை விற்கிறார் என்ற ஐயமும் அவருக்கு வராது. வாடிக்கையாளர்களின் எண்களை மட்டும் ஒருவருக்கொருவர் கொடுக்காதீர்கள். அவர்கள் உங்களுக்குத்தான் எண் கொடுத்தார்கள்.

தறிநூல், இரவு 8:50

நான் புடவையோடு வளையல் கடையின் அட்டையை வைத்துப் பார்த்தேன், ஒருவரும் போகவில்லை. என் கருத்தில் கைப்பேசிதான் வேலை செய்கிறது.

செம்புக்கடை_அக்கா, இரவு 9:15

புடவை வாங்கியவருக்கு வளையல் அன்றைக்கே தேவைப்படாது, தம்பி. அவர் வீட்டில் ஏற்கெனவே நாலு டஜன் இருக்கும். பில்டரைப் பெட்டியில் இருந்து எடுத்தவர் அடுத்து தேடுவது பொடியைத்தான். அம்மா, மாதிரிப் பொட்டலத்தின் மேல் வறுத்த தேதியை எழுதுங்கள். அவருடைய கடை அலமாரியில் அது இரண்டு மாதம் கிடந்தால் வாசனை போய்விடும், கெட்ட பெயர் உங்களுக்கு வரும்.

காப்பிவீடு_கோவை, வியாழன் காலை 7:20

பில்டரின் உட்புறத்தில் ஈயம் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்த அம்மையாருக்கு ஈயம் பூசியதை மாற்றித் தருகிறார். இப்போதைக்கு அட்டையும் மாதிரிப் பொட்டலமும் மட்டும் என்று சொல்லிவிட்டேன். ஒரு பில்டர் வந்திருக்கிறது, இன்று இரவு பொடி போட்டுப் பார்க்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

மூத்தவணிகன், வியாழன் காலை 7:41

ஓட்டை எந்த அளவு, அரைப்பு எது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்து கேட்க வருபவருக்காவது பயன்படும்.

மளிகை_மணி, ஞாயிறு மாலை 5:10

டிகாக்ஷன் இறங்கியதா, காப்பிவீடு?