கேமில் நொடிக்கு 60, கல்யாண வீடியோவில் நொடிக்கு 1: எங்கே இடிக்கிறது?

சத்துவாச்சாரி_கேமர்
ஒரே லேப்டாப், ஒரே ஆர்டிஎக்ஸ் கார்டு. கேமை டிவியில் போட்டு டிஎல்எஸ்எஸ் பெர்ஃபார்மன்ஸ் மோடில் வைத்தால் 1080-ஐ 4கே ஆக்கி நொடிக்கு 60 பிரேம் தருகிறது. அப்பா அம்மா கல்யாண டிவிடியை 4கே ஆக்கப் போட்டால் நொடிக்கு ஒரு பிரேம்தான் நகர்கிறது. 2001-ல் ஆம்பூரில் நடந்த கல்யாணம், விஎச்எஸ் கேசட்டிலிருந்து டிவிடிக்கு மாற்றியது, 2 மணி நேரம் ஓடும். வெள்ளி விழாவுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். கேம் ஏமாற்றுகிறதா, இல்லை இந்த சாஃப்ட்வேர் சரியில்லையா?

ராணிப்பேட்டை_ராக்கெட்
கேம்தான் ஏமாற்றுகிறது. ஒரு பிரேமுக்கு 16 மில்லி செகண்ட்தான் இருக்கிறது, அதற்குள் ஏதோ பூசி மெழுகி அனுப்பிவிடும். வீடியோவுக்கு அவசரம் இல்லை, பெரிய ஏஐ மாடலைப் போட்டு நிதானமாக வேலை வாங்கலாம். நேரம் கொடுத்தால் தரம் வரும், அவ்வளவுதான். மூன்று நாள் ஓடட்டும் விடு.

வாலாஜா_வாசி
தம்பி, நெட் ஸ்பீடு பார்த்தாயா? எங்கள் தெருவில் பைபர் போட்ட பிறகு 4கே சிக்காமல் ஓடுகிறது.

சத்துவாச்சாரி_கேமர்
அண்ணா, இது நெட்டில் பார்க்கிற வீடியோ இல்லை. டிவிடி.

காட்பாடி_ஷேடர்
ராக்கெட் சொன்ன 16 மில்லி செகண்ட் சரி. அதில் பெரும்பங்கு படம் வரையவே போய்விடும், பெரிதாக்க ஒன்றிரண்டு மில்லி செகண்ட் கிடைத்தால் பெரிது. ஆனால் பூசி மெழுகுவது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 2020-ல் வந்த டிஎல்எஸ்எஸ் 2 முதல் கணக்கே வேறு.

கேம் என்ஜின் வெறும் 1080 படத்தை மட்டும் கொடுப்பதில்லை. ஒவ்வொரு பிக்சலும் போன பிரேமில் எங்கே இருந்தது என்கிற மோஷன் வெக்டரைக் கொடுக்கிறது, எது முன்னால் எது பின்னால் என்கிற ஆழத்தையும் கொடுக்கிறது. அதற்கும் மேலே, கேமராவை ஒவ்வொரு பிரேமிலும் ஒரு பிக்சலுக்குள்ளேயே வேண்டுமென்று கொஞ்சம் நகர்த்துகிறது. அதனால் நீ அசையாமல் நின்றாலும் சுவரின் வேறு வேறு புள்ளிகள் அளக்கப்படுகின்றன. 1080-ஐவிட 4கேயில் பிக்சல் நான்கு மடங்கு. நான்கு பிரேம் சேர்ந்தாலே எண்ணிக்கை சரியாகிவிடும், நடைமுறையில் இன்னும் பல பிரேம்களைச் சேர்க்கிறார்கள். அதாவது அந்த விவரம் நிஜமாகவே வரையப்பட்டது. அது கற்பனை இல்லை.

டிவிடியில் இது எதுவும் கிடையாது. 2001-ல் லென்ஸுக்குள் வந்தது வந்ததுதான், மறுபடி போய் அளக்க முடியாது. டிவிடியில் குறுக்கே 720 பிக்சல் இருந்தாலும் விஎச்எஸ் கேசட் தாங்கியிருக்கும் விவரம் அதில் பாதிகூட இல்லை. சாஃப்ட்வேர் திணறுவது இல்லாததை ஊகிக்கத்தான்.

ராணிப்பேட்டை_ராக்கெட்
கேமரா அசைவுதான் ரகசியம் என்றால் கல்யாண வீடியோகிராபர் தோளில் வைத்துத்தானே எடுத்தார்? அவர் கை ஆடியிருக்கும். பக்கத்து பிரேம்களில் அதே புடவை கொஞ்சம் நகர்ந்து பதிவாகியிருக்கும். அதைச் சேர்க்கலாமே. போதாததற்கு கேமுக்கு அடுத்த பிரேம் தெரியாது, வீடியோவுக்குத் தெரியும்.

காட்பாடி_ஷேடர்
நல்ல கேள்வி, அடுத்த பிரேம் விஷயத்தில் உனக்கு முழு மார்க். கேம் அடுத்த பிரேமுக்குக் காத்திருந்தால் பட்டனை அழுத்தியதும் ஆள் குதிக்க மாட்டான். ஆஃப்லைனில் முன்னும் பின்னும் பார்க்கலாம், நல்ல வீடியோ மாடல்கள் பார்க்கவும் செய்கின்றன. ஆனால் எந்தப் பிக்சல் எங்கே போனது என்று யாரும் சொல்லவில்லை, படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். நேரத்தில் நல்ல பங்கு அங்கே போகிறது. கண்டுபிடித்தாலும், அந்த மெல்லிய வித்தியாசத்தை டிவிடியின் எம்பெக்-2 சுருக்கம் முதலிலேயே தேவையில்லாத குப்பை என்று தூக்கி எறிந்திருக்கும். சுருக்காத நல்ல பதிவாக இருந்தால் உன் வாதம் எடுபடும். கேசட் இன்னும் வீட்டில் இருந்தால் அதைத் திரும்ப நன்றாகப் பதிவு செய்வது எந்த மாடலையும்விட லாபம்.

குடியாத்தம்_ஸ்டூடியோ
நான் இந்த வேலையைக் காசுக்குச் செய்கிறவன், அதனால் சொல்கிறேன். இதேபோல ஒரு ஆரணிப் பட்டு கல்யாண வீடியோ வந்தது. பெரிய மாடலில் இரவு முழுக்க ஓட்டினேன். பெண்ணின் முகம் பளிச். புடவை பார்டரில் ஜரிகைக்குப் பதிலாக ஏதோ கூடை பின்னல் மாதிரி வந்தது, அதுவும் அவர் திரும்பும்போதெல்லாம் டிசைன் மாறியது. பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டியைப் பார்த்து, “இது யாருங்க?” என்று வீட்டுக்காரரே கேட்டார். முகம் ஒரு பத்துப் பன்னிரண்டு பிக்சல்தான் இருக்கும். மாடல் தனக்குத் தெரிந்த ஒரு முகத்தை ஒட்டிவிட்டது. நேரம் கொடுத்தால் தரம் வரும் என்கிறீர்களே, அங்கே நேரம் கொடுக்கக் கொடுக்கப் பொய்தான் தெளிவாக வந்தது.

ராணிப்பேட்டை_ராக்கெட்
கேமிலும்தான் காருக்குப் பின்னால் வால் மாதிரி இழுக்கிறது. மழை, புகையில் எல்லாம் கலங்குகிறது. அதையும் சொல்லுங்கள்.

காட்பாடி_ஷேடர்
இழுக்கும். மழைத்துளி, புகைக்கு என்ஜின் சரியான மோஷன் வெக்டர் எழுதாவிட்டால் பழைய பிக்சலைத் தப்பான இடத்தில் ஒட்டும், வால் வரும். ஆனால் அது பழைய பிரேமின் மிச்சம், பார்த்தாலே தப்பு என்று தெரியும். பாட்டிக்குப் புது முகம் வந்தால் தெரியாதவருக்குத் தெரியவே தெரியாது.

சத்துவாச்சாரி_கேமர்
சரி அண்ணா, பிரவுசரில் வீடியோவையே உடனுக்குடன் பெரிதாக்குகிற ஆர்டிஎக்ஸ் வீடியோ சூப்பர் ரெசல்யூஷன் 2023-ல் வந்ததே? அதுவே போதுமா?

காட்பாடி_ஷேடர்
பார்க்க மட்டும் என்றால் பார். அது சுருக்கத்தால் வந்த கட்டங்களைத் துடைத்து ஓரங்களைக் கூர்மையாக்கும். என்ஜின் தகவலும் இல்லை, நேரமும் இல்லை, அதனால் அடக்கமாகத்தான் செய்யும். உன் டிவிடிக்கு அதைவிடப் பெரிய பிரச்சினை, அது இன்டர்லேஸ்டு. நொடிக்கு 25 பிரேம், ஒவ்வொன்றிலும் வேறு வேறு நேரத்தில் எடுத்த இரண்டு பாதிகள். அதைப் பிரிக்காமல் மாடலுக்குக் கொடுத்தால் கை அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் போலக் கோடு விழும், அந்தக் கோட்டையும் விவரம் என்று நினைத்து அழகாக்கிவிடும். முதலில் பத்து நொடி மட்டும் வெட்டிப் பார்:

```
ffmpeg -ss 00:10:00 -t 10 -i VTS_01_1.VOB -vf bwdif=mode=send_field -an -c:v ffv1 test.mkv
```

யாராவது நடக்கிற இடமாகப் பார்த்து எடு. பிறகு 4கே வேண்டாம், 1440×1080 போதும். ஓடவிட்டுப் பார்க்கும்போது முகத்தைப் பார்க்காதே, பின்னால் இருக்கும் பந்தல் துணியைப் பார். அசையாத துணி கொதிப்பது போல நெளிந்தால் அந்த மாடல் ஒவ்வொரு பிரேமையும் தனித்தனியாக ஊகிக்கிறது என்று அர்த்தம், மாற்றிவிடு.

குடியாத்தம்_ஸ்டூடியோ
ஷேடர் சார், send_field போட்டால் நொடிக்கு 50 பிரேம் ஆகிவிடும். 25 என்றாலே 2 மணி நேரத்துக்கு 1,80,000 பிரேம், நொடிக்கு ஒன்று வீதம் 50 மணி நேரம். நீங்கள் சொல்வது 100 மணி நேரம். வேலூர் மே மாத வெயிலில் லேப்டாப் அவ்வளவு நேரம் தாங்குமா? 25-ஆகவே வைக்கட்டும். பத்துப் பத்து நிமிடமாகத் துண்டு போட்டு ஓட்டினால் கரண்ட் போனாலும் ஒரு துண்டுதான் போகும்.

காட்பாடி_ஷேடர்
துண்டு போடுவது சரி. 25 ஆக்கினால் பாதி அசைவு போய்விடும். தவில்காரர் கையை 25-ல் பாருங்கள், 50-ல் பாருங்கள். அளவைச் சின்னதாக்கி நேரத்தை மிச்சம் பிடிக்கலாம், அசைவைக் குறைத்து வேண்டாம்.

குடியாத்தம்_ஸ்டூடியோ
தவில்காரர் கையை யார் சார் பார்க்கப் போகிறார்கள்? எல்லோரும் தங்கள் முகம் எப்போது வரும் என்றுதான் பார்ப்பார்கள். என் கஸ்டமர் ஒருவர்கூட 50 கேட்டதில்லை.

ராணிப்பேட்டை_ராக்கெட்
தம்பி, இரண்டிலும் பத்து நொடி எடுத்து இங்கே போடு. பெரிய மாடலிலும் ஒன்று போடு, அந்தக் கூடை பின்னலை நான் கண்ணால் பார்க்க வேண்டும்.

சத்துவாச்சாரி_கேமர்
கேசட் பாட்டி வீட்டு அலமாரியில் இருக்கிறதாம், அம்மா சொன்னார். அதை ஓட்ட நல்ல விசிஆர் வேலூரில் யாரிடம் இருக்கிறது?