சம்பளச் சீட்டில் ‘பிடித்தம்’ என்று ஒரே ஒரு வரி: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

அம்பத்தூர்க்காரன்

எஸ்டேட்டில் ஒரு மெஷின் ஷாப்பில் வேலை. கம்பெனி பெயர் வேண்டாம். மாதாமாதம் உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டுச் சீட்டு தருவார்கள். அதில் மூன்றே வரி: சம்பளம் 20,000, பிடித்தம் 3,275, கையில் 16,725. இந்த 3,275 எதற்கு என்று அட்மின் மேடத்திடம் கேட்டேன். சீட்டை வாங்கித் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பேனாவால் ‘பி.எஃப்., ஈ.எஸ்.ஐ.’ என்று எழுதி நீட்டினார். எதற்கு எவ்வளவு என்று எழுதவில்லை. “எல்லாருக்கும் இதே கணக்குதான், போய் மெஷினைப் பாருங்க” என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் இன்னும் உறுத்துகிறது.

எதற்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரித்த சீட்டு தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா இல்லையா?

போரூர் பார்ட்டி

பெரிய கம்பெனிகளுக்குத்தான் அந்தச் சட்டமெல்லாம். பத்துப் பேருக்குக் கீழே இருந்தால் சீட்டே தர வேண்டாம். அப்புறம் உங்களுக்கு சி.டி.சி. 20,000 என்று பேசியிருப்பார்கள். அதில் முதலாளி பங்கும் அடக்கம், பிடித்தது சரிதான். எனக்கும் அப்படித்தான் பிடிக்கிறார்கள், நான் ஒன்றும் கேட்டதில்லை.

கணக்குப்புள்ளை

கிண்டி பக்கம் சின்னக் கம்பெனிகளுக்குச் சம்பளப் பட்டியல் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. போரூர் சொன்னதில் பாதி தப்பு.

2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு அமலில் இருக்கிறது. அதன் 50ஆம் பிரிவு ஒவ்வொரு முதலாளியும் சம்பளச் சீட்டு தர வேண்டும் என்கிறது. பத்துப் பேர் கணக்கெல்லாம் அதில் கிடையாது. வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ ஐந்து பேர் வரை வைத்திருப்பவருக்கு மட்டும்தான் விலக்கு. மெஷின் ஷாப் அதில் வராது. அதற்கு முன்பும் ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளிலும் குறைந்தபட்சக் கூலி விதிகளிலும் சீட்டு கட்டாயமாகத்தான் இருந்தது, கேட்பார்தான் இல்லை.

சரி, அம்பத்தூர் தம்பி கணக்குக்கு வருவோம். உங்கள் பேசிக் 12,500ஆக இருக்கும் என்று ஊகிக்கிறேன். பி.எஃப். 12 சதவீதம், 1,500. ஈ.எஸ்.ஐ. மொத்தச் சம்பளத்தில் முக்கால் சதவீதம், 150. ஆக 1,650 பிடித்து 18,350 கையில் வந்திருக்க வேண்டும். மிச்சம் 1,625 எங்கே போனது? 12,500க்கு 13 சதவீதம் போட்டுப் பாருங்கள், அதே 1,625. முதலாளி கட்ட வேண்டிய 12 சதவீதம், அதோடு நிர்வாகக் கட்டணம் அரை, இன்சூரன்ஸ் அரை. அவர் பையிலிருந்து போக வேண்டியது உங்கள் சம்பளத்திலிருந்து போகிறது. வருஷத்துக்கு 19,500, கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம்.

பி.எஃப். திட்டத்தின் 31ஆம் பத்தி, முதலாளி பங்கைத் தொழிலாளி சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று நேராகவே சொல்கிறது. போரூருக்கு ஒன்று: சி.டி.சி. பேசுவது குற்றமில்லை. ஆனால் அப்படிப் பேசியிருந்தால் சீட்டில் சம்பளத்தையே அதற்கேற்பக் குறைத்துக் காட்ட வேண்டும். சம்பளம் 20,000 என்று எழுதிவிட்டு முதலாளி பங்கைப் பிடித்தத்தில் போட முடியாது. அதனால்தான் அந்த மேடம் பிரித்து எழுதவில்லை. பிரித்தால் பி.எஃப். இரண்டு தடவை வரும், பச்சையாகத் தெரியும்.

வடபழனி அக்கா

உங்களுக்காவது துண்டுச் சீட்டு. நான் தி.நகரில் துணிக்கடையில் இருந்தபோது நோட்டில் கையெழுத்துதான். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருக்கும். கையெழுத்துப் போடும்போது மேனேஜர் ரூபாய் போட்டிருக்கும் இடத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். கவரில் வந்ததை எண்ணிப் பார்த்தால் மூன்று நாள் சம்பளம் குறைவு. லீவு போட்டது ஒரு நாள். “லேட்டா வந்ததையும் சேர்த்தோம்மா” என்றார். எத்தனை நாள் வேலை பார்த்தேன் என்று எதிலும் எழுதித் தரவில்லை, எதை வைத்துச் சண்டை போடுவது? பொங்கலுக்கு முன் அந்தக் கை, இப்போதும் கண்ணிலேயே நிற்கிறது.

ஓ.எம்.ஆர். பையன்

சம்பளச் சீட்டு பற்றித்தானே? எனக்கு வேறு பிரச்சினை. பழைய கம்பெனி சீட்டெல்லாம் அவர்கள் போர்ட்டலிலேயே இருந்தது. வேலையை விட்ட மறுநாள் லாகின் மூடிவிட்டது. வீட்டுக் கடனுக்கு பேங்க் கடைசி மூன்று மாதச் சீட்டு கேட்கிறது. எல்லோரும் மாதாமாதம் இறக்கிச் சொந்த மெயிலுக்கு அனுப்பி வையுங்கள், சீட்டைத் திறக்கும் பாஸ்வேர்டையும் அதிலேயே எழுதி வையுங்கள். பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கூடவே. ஃபார்ம் 16ஐயும் விடாதீர்கள். இன்னொன்று, திடீரென்று ஒரு மாதம் 1,250 அதிகமாகப் பிடித்தால் பதறாதீர்கள். சென்னையில் மாநகராட்சி தொழில் வரி அரையாண்டுக்கு ஒரு முறை, சில கம்பெனிகள் ஒரே மாதத்தில் மொத்தமாகப் பிடிப்பார்கள். நான் ஹெச்.ஆரிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

கணக்குப்புள்ளை

தம்பி, இங்கே கேள்வி அது இல்லை. ஆனால் தொழில் வரி சொன்னது சரி. அதனால்தான் அதற்குத் தனி வரி வேண்டும் என்கிறேன்.

அக்கா விஷயத்துக்கு: ஒரு சீட்டில் நான் முதலில் பார்ப்பது தொகையை அல்ல, நாள் கணக்கை. எந்த மாதம், எத்தனை நாள் வேலை, எத்தனை நாள் சம்பளமில்லா விடுப்பு, ஓ.டி. எத்தனை மணி. இது இல்லாவிட்டால் மேலே உள்ள எந்தத் தொகையையும் சரிபார்க்க முடியாது. அடுத்து பேசிக் தனியாக, அலவன்ஸ் தனியாக. பேசிக் தெரியாமல் பி.எஃப். சரியா என்று சொல்லவே முடியாது, நான் மேலே ஊகித்துத்தான் போட்டேன். பிறகு ஒவ்வொரு பிடித்தமும் தன் பெயரோடு. பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணும் ஈ.எஸ்.ஐ. எண்ணும் இருந்தால், சீட்டில் எழுதியது உண்மையிலேயே கட்டப்பட்டதா என்று நாமே போய்ப் பார்க்கலாம்.

அம்பத்தூர்க்காரன்

உமாங் ஆப்பில் பாஸ்புக் பார்த்தேன். என் பங்கு 1,500. முதலாளி பங்கு 459, பென்ஷன் 1,041. கூட்டினால் அதுவும் 1,500. பேசிக் 12,500தான், அண்ணன் ஊகம் சரி. பணம் கட்டியிருக்கிறார்கள், ஆனால் இரண்டும் என் காசு!

ஆஃபர் லெட்டர் எதுவும் தரவில்லை. வாட்ஸ்அப்பில் “சேலரி 20 ரூபா, பி.எஃப். உண்டு” என்று ஒரு மெசேஜ், அவ்வளவுதான்.

போரூர் பார்ட்டி

அந்த மெசேஜில் சி.டி.சி. என்று இல்லைதான், மொத்தச் சம்பளம் என்றும் இல்லையே. அவர்கள் வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார்.

கணக்குப்புள்ளை

பிடிக்கட்டும். 20,000 என்று எழுதிய துண்டுச் சீட்டே அவர்கள் கையால் தந்தது. சம்பளம் குறைத்துத் தந்ததாக மனு போட்டால், சரியாகத் தந்தோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். பி.எஃப். பங்கைப் பிடித்ததற்கு உங்கள் பகுதி பி.எஃப். அலுவலகம், ஆன்லைன் என்றால் epfigms.gov.in. சீட்டு தராததற்குத் தொழிலாளர் துறை. எல்லா மாதத் துண்டையும் போட்டோ எடுத்து, அதே மாத பேங்க் வரவோடும் பாஸ்புக் வரியோடும் சேர்த்து வையுங்கள்.

ஒன்று மட்டும்: பி.எஃப். புகாரில் உங்கள் யு.ஏ.என். போகும், யார் போட்டது என்று கம்பெனிக்குத் தெரிந்துவிடும். அந்த வரிசையில் சிரித்தவர்களுக்கும் இதே 1,625 போகிறது. அவர்களிடம் பாஸ்புக்கைக் காட்டிவிட்டு நாலைந்து பேராகப் போக முடியுமா பாருங்கள்.

வடபழனி அக்கா

என் கடையில் பி.எஃப். இருந்ததா என்றே எனக்குத் தெரியாது. ஆதார் ஜெராக்ஸ் மட்டும் வாங்கினார்கள். அதை வைத்து யு.ஏ.என். கண்டுபிடிக்க முடியுமா, கணக்குப்புள்ளை சார்? அப்போது கொடுத்த போன் நம்பர் இப்போது என்னிடம் இல்லை.