புதுப்பிப்பு: கடை இடம் மாறிய அறிவிப்பும் வழி தவறிய வரைபட இணைப்பும்

என் பழைய கேள்வி: "மளிகைக் கடையை மகாமகக் குளத்தின் வடகரைக்கு மாற்றிவிட்டோம். வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய வரைபட இணைப்பு பழைய கடைக்கே கூட்டிச் செல்கிறது. அறிவிப்பை எப்படித் திருத்துவது?"

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. கூகுள் வரைபடத்தில் இருக்கும் பழைய கடைப் பதிவை 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று குறித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும் யோசனையை நான் ஏற்கவில்லை. கடையையே மூடிவிட்டோம் என்று ஊர் நினைத்துவிடும். பலன் தந்தது, இருக்கும் கூகுள் பதிவிலேயே முகவரியைத் திருத்தி, வரைபடத்தில் இடத்தைக் காட்டும் குறிமுள்ளையும் கையால் நகர்த்தச் சொன்ன மருந்துக்கடைக்காரரின் யோசனைதான். முகவரியை மட்டும் மாற்றியபோது முள் பின்சந்தில் போய் நின்றது. திருத்தம் ஏற்கப்படும்வரை, கடை வாசலில் நின்று வரைபடத்தில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்து, அதில் கிடைத்த இணைப்பை அனுப்பினேன்.

எதிர்பாராதது ஒன்று. வயதானவர்கள் பலர் இணைப்பைத் திறக்கவே இல்லை. நான் எழுதியிருந்த "ஏடிஎம் எதிரில்" என்பதை நம்பி, தெருமுனையில் இருந்த வேறொரு ஏடிஎம்முக்குப் போய்விட்டார்கள். இப்போது அறிவிப்பு இப்படி இருக்கிறது:

"காசி விசுவநாதர் கோயில் வாசலில் குளத்தைப் பார்த்து நின்றால், இடக்கைப் பக்கம் மூன்றாவது கடை, பச்சை ஷட்டர். தொலைபேசி எண் மாறவில்லை."

கடைசி வரி, தம் தையல்கடை மாறியபோது எண்ணும் போய்விட்டதாக வாடிக்கையாளர்கள் நினைத்ததைச் சொன்ன அன்பரின் உபயம். வேறொரு வரைபடச் செயலி மட்டும் இன்னும் பழைய இடத்தையே காட்டுகிறது. அதற்கு வழி கிடைக்கவில்லை.