Solve error 0.43 px தான், ஆனாலும் பெட்டி தரையில் வழுக்குகிறது

கையில் பிடித்து எடுத்த 12 நொடி வீடியோவில், சிமெண்ட் தரை மேல் ஒரு 3டி மரப்பெட்டியை உட்கார வைக்க வேண்டும். பிளெண்டர் 4.2-இன் கேமரா ட்ராக்கிங்கோடு மூன்று நாளாக மல்லுக்கட்டுகிறேன்.

முதல் 4 நொடி பெட்டி அசையாமல் நிற்கிறது. நான் நடக்கத் தொடங்கியதும் அதன் கீழ்மூலை தரையிலுள்ள விரிசலை விட்டு 6, 7 பிக்சல் விலகி, அடுத்த காலடியில் திரும்பி வந்துவிடுகிறது. மொத்த எரர் சராசரிதானே, அதை நம்பி ஏமாந்தேன். 42 ட்ராக்கில் 34 பின்சுவரில் இருக்கின்றன. தரையில் 8 மட்டும்; விரிசல் பக்கத்தில் ஒன்றுகூட நிற்கவில்லை, நடக்கும்போது படம் கலங்கிவிடுகிறது.

வீடியோ போனில் எடுத்தது, 1080p, 30 fps. ஸ்டெபிலைசேஷன் ஆனில் இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

ஃபிரேம் ரேட் ஏறி இறங்கியதால் சீராக்கி, படத்தொடராக மாற்றினேன். கேமரா பக்கவாட்டில் நன்றாக நகர்ந்த இரண்டு ஃபிரேம்களை கீஃபிரேமாக வைத்தேன். ஃபோகல் லெங்த் 26 மிமீ என்று கொடுத்தால் எரர் 1.9. அதை Refine செய்யவிட்டால் 31-க்குப் போய் 0.43 ஆகிறது. ஸ்டெபிலைசேஷன் ஓரங்களை வெட்டியதால்தான் இந்த வித்தியாசம் என்று நினைக்கிறேன். அந்த வெட்டு ஃபிரேமுக்கு ஃபிரேம் நகரும், சால்வரோ லென்ஸின் மையம் ஒரே இடத்தில் இருப்பதாகவே கணக்குப் போடும். மறுபடி படம்பிடிக்க வழியில்லை.

தரை ட்ராக்குகளைக் கையால் கூட்டி, அவற்றின் Weight-ஐ ஏற்றி சால்வ் செய்தால் பெட்டி நிற்குமா, இல்லை ரெண்டர் செய்த பெட்டியை 2டி-யிலேயே விரிசலோடு ஒட்டவைப்பதுதான் வழியா?