பிணக்கு எப்போது அவிழ வேண்டும்?

3,000 சொற்களில் நான் எழுதிவரும் காதல் சிறுகதையின் இறுதிக் காட்சி மனத்தைத் தொடாமலே முடிந்துவிடுகிறது. அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் நாயகி, முன்னெழுத்தும் பெற்றோர் பெயரும் மை படிந்து மறைந்த திருமண அழைப்பிதழ்த் தாளில் உடன் பணிபுரிபவனின் பெயரைக் கண்டு, அவன் நீட்டும் தேநீரை மறுக்கத் தொடங்குகிறாள். உண்மையில் அது, அதே தாத்தாவின் பெயரைச் சூட்டப்பெற்ற அவனுடைய பெரியப்பா மகனின் அழைப்பிதழ்.

இந்தப் பிணக்கு 1,200ஆம் சொல்லில் தொடங்கி 2,700இல் தீர்கிறது. ஒரே கேள்வியில் தீர்ந்திருக்குமே என்று படித்தவர்கள் கூறியதால், அவள் கேட்க வாயெடுக்கும்போது முதலாளி குறுக்கிடுவதாக மாற்றினேன். அது செயற்கையாக இருந்தது. தொடக்கத்தை 2,000க்குத் தள்ளியபோது தவிப்பு வளர இடமில்லை. கேட்டால் தன் மனம் வெளிப்பட்டுவிடும் என்ற அச்சத்தையே இப்போது தடையாக வைத்திருக்கிறேன்.

இந்நிலையில், உண்மையை வாசகர் அவளுக்கு முன்பே அறிய வேண்டுமா, அவளோடு சேர்ந்தே அறிய வேண்டுமா?