அடமானம் இல்லாத அரசாங்கக் கடன் என்றார்கள், வங்கி கணவரின் ஜாமீன் கையெழுத்தும் கேட்கிறது. ஏன்?

மல்லிகா (உட்லண்ட்ஸ்):

வணக்கம். தோசை மாவும் இடியாப்பமும் செய்து கடைகளுக்குப் போடும் சிறிய நிறுவனம் நடத்துகிறேன். பிரைவேட் லிமிடெட், தொடங்கி 3 வருடம் ஆகிறது. என் பங்கு 60%, தம்பியின் பங்கு 40%. நான் சிங்கப்பூர்க் குடிமகள். தம்பி எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருக்கிறான், அவனும் இயக்குநர். என்னையும் சேர்த்து 5 பேர் வேலை செய்கிறோம்.

பேரங்காடிக்குச் சரக்குப் போட ஆரம்பித்ததிலிருந்து பணம் 60 நாள் கழித்துத்தான் வருகிறது. அரிசிக்கும் உளுந்துக்கும் கையோடு பணம் கொடுக்க வேண்டும், சம்பளமும் மசேநியும் மாதம் தவறாமல் போக வேண்டும். அதனால் என்டர்பிரைஸ் சிங்கப்பூர் ஆதரவுள்ள நடைமுறை மூலதனக் கடனுக்கு ஒரு வங்கியில் 60,000 வெள்ளி கேட்டேன்.

வீட்டை அடமானம் வைக்க வேண்டாம் என்று சொன்னார்கள். சரி என்று சந்தோஷப்பட்டேன். இப்போது வந்திருக்கும் கடிதத்தில் நானும் தம்பியும் தனிப்பட்ட ஜாமீன் போட வேண்டும், என் வருமானம் குறைவாக இருப்பதால் என் கணவரும் போட வேண்டும் என்று இருக்கிறது. அவருக்கு இந்த நிறுவனத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. அரசாங்கம்தான் 70% பொறுப்பு ஏற்கிறதே, பிறகு இது எதற்கு? நாளைக்கு ஏதாவது ஆனால் எங்கள் வீவக வீடு போய்விடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

பிரகாஷ்:

அக்கா, கையெழுத்துப் போடாதீர்கள். இந்தத் திட்டமே பிணை இல்லாத கடனுக்காகத்தான். உங்கள் நிறுவனத்துக்கு 5 வயது ஆகவில்லை, அதனால் அரசாங்கத்தின் பங்கு 70%, மற்ற நிறுவனங்களுக்கு 50%. கடை மூடிவிட்டால் 70 சதவீதத்தை அரசாங்கம் கட்டிவிடும், நீங்கள் மிச்சம் 30% கட்டினால் போதும். இதைச் சொல்லி வங்கியில் வாதாடிப் பாருங்கள்.

கோபி:

ஊரில் என் மாமா இதே மாதிரி வாங்கினார், சிஜிடிஎம்எஸ்இ என்று பெயர். உத்யம் சான்றிதழ், ஜிஎஸ்டி பதிவு, திட்ட அறிக்கை, இவ்வளவுதான் கேட்டார்கள். வருடா வருடம் உத்தரவாதக் கட்டணம் ஒன்று உண்டு. மூன்றாவது ஆளின் ஜாமீன் கேட்கவே கூடாது என்று விதி இருக்கிறது. அதைக் காட்டுங்கள் அக்கா.

நூர்தீன்:

தங்கச்சி, வங்கியில் சிறு நிறுவனக் கடன் பிரிவில் 14 வருடம் இருந்தேன், இப்போது கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். கோபி சொல்வது இந்தியாவின் திட்டம். அந்த விதியை இங்கே கொண்டுபோய்க் காட்டினால் அதிகாரிக்கு என்னவென்றே புரியாது. உத்யம் சான்றிதழும் இங்கே கிடையாது.

பிரகாஷ் தம்பி 70, 50 என்று சொன்ன எண்கள் சரி. ஆனால் அந்தப் பணத்தை யார் யாருக்குக் கட்டுகிறார்கள் என்பதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டார். இந்தத் தவற்றை நம்பிப் பணம் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அரசாங்கத்தின் உத்தரவாதம் வங்கிக்குக் கிடைப்பது, உங்களுக்கு இல்லை. வாங்கிய கடன் முழுவதற்கும், 100 சதவீதத்துக்கும், நீங்கள்தான் பொறுப்பு. உங்கள் கணக்கை வைத்தே பார்ப்போம். 60,000 வாங்கி, 20,000 அசலைக் கட்டியபின் நின்றுவிட்டது என்று வையுங்கள், பாக்கி 40,000. வங்கி உடனே அரசாங்கத்திடம் போக முடியாது. முதலில் வழக்கமான வசூல் வேலைகள் எல்லாவற்றையும் செய்ய வேண்டும்: கடிதம், வழக்கறிஞர் நோட்டீஸ், ஜாமீன் போட்டவர்களிடம் கேட்பது. அதில் 10,000 வசூலானது என்றால் வராத தொகை 30,000. அதில் 70%, அதாவது 21,000, வங்கிக்கு அரசாங்கத்திடமிருந்து வரும். 9,000 வங்கியின் நட்டம். உங்கள் பெயரில் நிற்கும் கடன் என்ன? அதே 30,000. ஒரு வெள்ளிகூடக் குறையாது.

ஜாமீன் ஏன் கேட்கிறார்கள் என்பதும் இதிலேயே இருக்கிறது. வசூலுக்கு முயன்ற பிறகுதான் வங்கி அரசாங்கத்திடம் கேட்க முடியும், கேட்டாலும் 30% அதன் தலையில். அதனால் யாரிடம் வசூலிக்கலாம் என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்கிறது. வீடு, பொருள் எதையும் பிணையாக எடுக்கவில்லை என்பதுதான் "அடமானம் இல்லை" என்பதன் அர்த்தம். ஆள் ஜாமீன் வேறு விஷயம். இயக்குநர்கள் ஜாமீன் போடுவது இங்கே நடைமுறை. யாரிடம் ஜாமீன் கேட்பது, என்ன வட்டி, கடன் தருவதா வேண்டாமா எல்லாம் வங்கியின் முடிவு. என்டர்பிரைஸ் சிங்கப்பூருக்கு எழுதிக் கேட்டால் வங்கி மனம் மாறும் என்று காத்திருக்க வேண்டாம்.

மல்லிகா:

அண்ணே, 30,000 அப்படியே என் பெயரில் நிற்கும் என்று படித்ததும் கை நடுங்கிவிட்டது. நான் பிரகாஷ் சொன்ன மாதிரிதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டைப் பற்றிச் சொல்லவில்லையே?

சாந்தி:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நான் முன்பு தோழியோடு ஓர் அழகு நிலையம் நடத்தினேன். பங்கை விற்று, இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகி, நிறுவனங்களைப் பதியும் அக்ராவிலும் மாற்றியாகிவிட்டது. இரண்டு வருடம் கழித்து வழக்கறிஞர் கடிதம் என் வீட்டுக்கு வந்தது. இயக்குநராக இல்லாவிட்டாலும் என் ஜாமீன் உயிரோடு இருந்திருக்கிறது. வங்கி எழுத்தில் விடுவித்தால்தான் அது முடியும் என்று அப்போதுதான் தெரிந்தது. அதிலும் "சேர்ந்தும் தனித்தனியாகவும்" என்று எழுதியிருந்தது. தோழி ஊருக்குப் போய்விட்டாள், முழுத் தொகையையும் என்னிடம் கேட்டார்கள், பாதியை அல்ல. உங்கள் தம்பி பாஸில் இருப்பவர், நாளைக்கு ஊருக்குத் திரும்பிவிட்டால்? இதை யோசியுங்கள் அக்கா.

நூர்தீன்:

சாந்தி சொன்னது ஒவ்வொரு வரியும் உண்மை.

வீட்டு விஷயம். வீவக வீட்டின் உரிமையாளரில் ஒருவராவது சிங்கப்பூர்க் குடிமக்களாக இருந்தால், இந்த மாதிரிக் கடன் கொடுத்தவர்கள் அந்த வீட்டை எடுக்க முடியாது, உரிமையாளர் திவாலானாலும். வீட்டுக் கடனை மட்டும் ஒழுங்காகக் கட்டிவர வேண்டும். மசேநியில் இருக்கும் பணத்தையும் தொட முடியாது. கொண்டோமினியம் என்றால் இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் வீடு தப்பித்தது என்பதற்காக நிம்மதி அடைய வேண்டாம். 15,000 வெள்ளிக் கடன் இருந்தாலே ஒருவரைத் திவாலாக்க விண்ணப்பிக்கலாம். கணவரும் ஜாமீன் போட்டால் இரண்டு பேருக்கும் அந்த ஆபத்து. வீட்டில் ஒரு சம்பளமாவது இந்த ஜாமீனுக்கு வெளியே இருக்கட்டும் என்பது என் கருத்து.

இப்போது, அவர் கையெழுத்து ஏன் தேவைப்பட்டது என்று பார்ப்போம். என்னென்ன தாள்கள் கொடுத்தீர்கள்?

மல்லிகா:

நிறுவன விவரங்களைச் சிங்பாஸ் மூலம் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். 6 மாத வங்கிக் கணக்கு அறிக்கை, 2 வருட நிறுவனக் கணக்கு, என்னுடையதும் தம்பியுடையதும் 2 வருட என்ஓஏ, அதாவது வருமான வரிக் கணிப்பு அறிவிப்பு. நான் மாதம் 2,000 மட்டும் சம்பளம் எடுக்கிறேன், மற்றதை நிறுவனத்திலேயே விட்டுவிடுகிறேன். கணக்கில் போன வருட விற்பனை 360,000.

நூர்தீன்:

6 மாத அறிக்கையில் மாதம் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது?

மல்லிகா:

சராசரி 22,000. சந்தைக் கடைகள் ரொக்கமாகக் கொடுக்கின்றன, அதை எடுத்து நேராக அரிசிக் கடைக்குக் கொடுத்துவிடுவேன்.

நூர்தீன்:

இதுதான் விஷயம். கணக்கு மாதம் 30,000 என்கிறது, வங்கி அறிக்கை 22,000 என்கிறது. மிச்சம் 8,000 எங்கே என்று கேட்க அதிகாரிக்கு நேரம் இருக்காது, 22,000 என்று வைத்துக்கொள்வார். என்ஓஏயில் வருடத்துக்கு 24,000. 60,000 வெள்ளியை 5 வருடத்தில், பேச்சுக்கு 7.5% வட்டியில், கட்டினால் மாதத் தவணை சுமார் 1,200. உங்கள் சம்பளமே 2,000. அப்படிப்பட்டவரின் ஜாமீனில் வங்கிக்கு என்ன கிடைக்கும்? கணவரின் என்ஓஏவைத் தேடிப் போனது அதனால்தான்.

கேட்டுப் பார்க்க இரண்டு வழி உண்டு. பேரங்காடியின் இன்வாய்ஸ்களையும், யார் எவ்வளவு எந்தத் தேதியில் தர வேண்டும் என்ற பட்டியலையும், ரொக்க விற்பனையின் ரசீதுப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். நிறுவனத்தில் நீங்கள் விட்டுவைத்த பணம் இயக்குநர் கடனாகக் கணக்கில் இருந்தால், அதையும் சுட்டிக்காட்டுங்கள். அல்லது கடன் தொகையைக் குறைத்து, கணவர் இல்லாமல் கேளுங்கள். இனிமேல் ரொக்கம் முழுவதையும் முதலில் வங்கியில் போட்டுவிட்டுப் பிறகு அரிசிக் கடைக்குக் கொடுங்கள். 6 மாதத்தில் அறிக்கையே வேறு மாதிரி தெரியும்.

ஒரே வாரத்தில் நான்கைந்து வங்கியில் போட வேண்டாம். ஒவ்வொரு விசாரணையும் கிரெடிட் பியூரோ அறிக்கையில் பதிவாகும், அவசரத்தில் பணம் தேடுகிறவர் மாதிரித் தோன்றும்.

குமரன்:

எனக்கும் ஒரு சந்தேகம். நான் எம்ப்ளாய்மென்ட் பாஸ், 80% பங்கு. மனைவி நிரந்தரவாசி, 20%. கடன் கிடையாது என்றார்கள். மனைவி பெயருக்கு 10% மாற்றினால் சரியாகிவிடுமா?

நூர்தீன்:

தம்பி, குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்து குறைந்தது 30% வைத்திருக்க வேண்டும், 20 போதாது. மல்லிகாவுக்கு 60% இருப்பதால் அந்தப் பிரச்சினை இல்லை. பங்கை மாற்றலாம், 0.2% முத்திரைத் தீர்வை கட்டி அக்ராவிலும் பதிய வேண்டும். ஆனால் உண்மையிலேயே அவருக்குக் கொடுப்பதாக இருந்தால் செய்யுங்கள். பெயருக்கு மட்டும் மாற்றி வங்கியில் உறுதிமொழி கொடுப்பது பொய் சொல்வதாகிவிடும்.

பிரகாஷ்:

நூர்தீன் அண்ணே, நன்றி. நான் அந்த 70 சதவீதத்தை மூன்று பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கே கூப்பிட்டுத் திருத்திவிடுகிறேன்.

மல்லிகா:

வங்கிக்குப் போய்வந்தேன். இன்வாய்ஸ் பட்டியலைப் பார்த்துவிட்டு, 60,000 என்றால் கணவர் கையெழுத்து வேண்டும், 40,000 என்றால் நானும் தம்பியும் போதும் என்கிறார்கள். 40,000 ஒன்றரை மாதச் சரக்குக்குத்தான் வரும். கணவர் பரவாயில்லை, போடுகிறேன் என்கிறார். எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. ஜாமீன் பத்திரத்தில் "இந்த வங்கிக்கு நிறுவனம் இப்போதும் இனிமேலும் தர வேண்டிய எல்லாத் தொகைக்கும்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. எங்களுக்கு அங்கேயே நிறுவனக் கடன் அட்டையும் உண்டு. அதுவும் இதில் சேருமா?

நூர்தீன்:

சேரும். அட்டைப் பாக்கியும், நாளைக்கு எடுக்கும் ஓவர்டிராஃப்ட்டும் சேரும். ஜாமீனை இந்தக் கடனின் 40,000க்கும் அதன் வட்டிக்கும் மட்டும் என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். சில வங்கிகள் ஒத்துக்கொள்ளும், சில அச்சடித்த பத்திரத்தில் ஒரு சொல்லையும் மாற்றாது. உங்கள் வங்கி எப்படி என்று கேட்டால்தான் தெரியும். வாய்ச்சொல்லாக வேண்டாம், மின்னஞ்சலில் கேளுங்கள்.

மல்லிகா:

அனுப்பிவிட்டேன் அண்ணே. பதில் வந்ததும் இங்கே போடுகிறேன். அதுவரை கையெழுத்துப் போடவில்லை.